படுக்கை இல்லாததால் தள்ளிப்போகும் அறுவை சிகிச்சை

2018 ஜனவரியில் இங்கிலாந்து மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தன. அவசரமில்லாத அறுவை சிகிச்சைகளை மாதக் கடைசி வரை தள்ளிவைக்கச் சொன்னது அந்நாட்டின் பொது மருத்துவ சேவையான என்.எச்.எஸ். புற்றுநோய் அறுவை சிகிச்சை போலத் தாமதிக்கக் கூடாதவற்றுக்கு மட்டும் விலக்கு. பிரதமர் தெரசா மே மன்னிப்புக் கேட்டார்.

அப்படியொரு நெருக்கடி இல்லாத நாளிலும் "வருந்துகிறோம், படுக்கை இல்லை" என்ற கடிதம் அங்கே வீடுகளுக்கு வருவதுண்டு. அறுவை அரங்கும் மருத்துவரும் தயாராக இருக்கலாம். ஆனால் சிகிச்சை முடிந்ததும் நோயாளியைக் கிடத்த வார்டில் இடம் வேண்டும். அந்த இடத்தை அவசரப் பிரிவிலிருந்து வந்தவர்கள் நிரப்பியிருப்பார்கள். உடல் தேறியும், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடாகாததால் கிளம்ப முடியாத முதியவர்களும் இருப்பார்கள்.

கடிதத்தில் முதலில் பார்க்க வேண்டியது, ரத்து எந்த நாளில் நடந்தது என்பது. பித்தப்பைக் கல்லுக்காக மார்ச் 3 அன்று ஒருவருக்கு அறுவை சிகிச்சை குறித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அன்று காலை அவர் பட்டினியோடு போய்க் காத்திருந்த பிறகு ரத்தானால், 28 நாளுக்குள், அதாவது மார்ச் 31க்குள், மருத்துவமனை வேறு தேதி தர வேண்டும். தர முடியாவிட்டால், அவர் விரும்பும் வேறு மருத்துவமனையில் செய்துகொள்ள அதுவே பணம் கட்ட வேண்டும். பிப்ரவரி 27 அன்றே கடிதம் வந்திருந்தால் இந்த உறுதிமொழி அவருக்குக் கிடையாது. வருத்தம் தெரிவிக்கும் பல வரிகளுக்கு நடுவே இந்த வேறுபாட்டையும் நோயாளிக்குப் புரியும்படி எழுதுவதுதான் நியாயம்.

புதுத் தேதிக்கு, கடிதத்திலுள்ள எண்ணில் முன்பதிவுப் பிரிவை அழைக்க வேண்டும். பதில் வராவிட்டால் சிறப்பு மருத்துவரின் செயலாளரையும், அதற்கும் மேலே 'பால்ஸ்' எனப்படும் நோயாளி உதவிப் பிரிவையும் நாடலாம். ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம்; அதற்குக் கட்டணமில்லை. பேசும்போதே இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுவது நல்லது. முன்பு எடுத்த ரத்தப் பரிசோதனையும் மயக்க மருந்துக்கான சோதனையும் புதுத் தேதிக்குச் செல்லுமா? நிறுத்தச் சொன்ன மாத்திரைகளை, முக்கியமாக ரத்தம் உறையாமல் தடுப்பவற்றை, மறுபடி எப்போது தொடங்குவது? இரண்டாவதைத் தானாக முடிவு செய்வது ஆபத்து.

காத்திருக்கும் காலத்தில் கல் சும்மா இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. எண்ணெய்ப் பலகாரம் தின்றபின் வந்து, சற்று நேரத்தில் அடங்கிவிடும் வலி பழகிய ஒன்றாக இருக்கலாம். எட்டு மணி நேரம் தாண்டியும் விடாத வலி, எப்படிப் படுத்தாலும் தாங்க முடியாத வலி, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், கண்ணிலும் தோலிலும் மஞ்சள் நிறம் ஆகியவை வேறு வகை. கல் குழாயை அடைத்திருக்கலாம், தொற்றும் சேர்ந்திருக்கலாம். அப்போது முன்பதிவு எண்ணை அழைத்துக் காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். போக முடியாத நிலையில் 999. ஒத்திவைப்புக் கடிதத்தையும் மாத்திரைப் பட்டியலையும் கையில் எடுத்துப்போனால், அங்குள்ள மருத்துவருக்கு என்ன சிகிச்சை பாக்கி என்று உடனே தெரிந்துவிடும்.