பார்த்தீனியச் சாறும் கேழ்வரகு விதையும்: ஆய்வகத் தட்டு சொல்வதும் சொல்லாததும்

பூக்கும் முன்னே பார்த்தீனியத்தை வெட்டி மண்ணில் மடக்கி உழலாமா, அது அடுத்த பயிரைக் கெடுக்குமா? நம் கூட்டங்களில் அடிக்கடி வரும் கேள்வி இது. கெடுக்கும் என்பவர்கள் ஒரு படத்தைக் காட்டுவார்கள். வட்டத் தட்டில் பார்த்தீனியச் சாறு ஊற்றிய விதைகள் கருகிக் கிடக்கும், பக்கத்துத் தட்டில் தண்ணீர் ஊற்றியவை பச்சையாக முளைத்திருக்கும். படம் பொய்யில்லை. ஆனால் அந்தத் தட்டில் நடந்தது நம்ம வயலிலும் நடக்குமா என்று பார்க்க, அந்தச் சோதனையை எப்படிச் செய்கிறார்கள் என்று முதலில் தெரியணும்.

ஒரு செடி வெளிவிடும் வேதிப்பொருள் இன்னொரு செடியின் முளைப்பையோ வளர்ச்சியையோ பாதிப்பதை அல்லீலோபதி என்கிறார்கள். ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஹான்ஸ் மோலிஷ் 1937-ல் வைத்த பெயர். பார்த்தீனியத்தில் முக்கியமான பொருள் பார்த்தீனின். இலை மேல் உள்ள நுண்ணிய முடிகளில் அது சேர்ந்திருக்கும். அதோடு ஃபெருலிக் அமிலம், காஃபீயிக் அமிலம் மாதிரி சில பீனால் அமிலங்களும் உண்டு. வயலில் களைக்கு நடுவே பயிர் சுணங்கினால், காரணம் இந்த விஷமா அல்லது களை தண்ணீரையும் வெயிலையும் பிடுங்கியதா என்று கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் களையையே எடுத்துவிட்டு, அதன் சாறை மட்டும் விதைக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள்.

செய்முறை கஷ்டமில்லை. பூக்காத செடியின் இலையை நிழலில் உலர்த்திப் பொடிக்க வேண்டும். 10 கிராம் பொடியை 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் ஒரு நாள் ஊறவைத்து, துணியிலும் பிறகு வடிதாளிலும் வடித்தால் அது 10 சதவீதச் சாறு. அதில் தண்ணீர் சேர்த்து 5, 2.5, 0.6 சதவீதம் என்று இறக்கிக்கொள்ளலாம். 9 செ.மீ. தட்டில் இரண்டு வடிதாள் விரித்து, 25 விதை பரப்பி, 5 மில்லி சாறு விட்டு மூடுவார்கள். ஒவ்வொரு அளவுக்கும் குறைந்தது நான்கு தட்டு. வெறும் தண்ணீர் விட்ட தட்டுகளும் நான்கு கட்டாயம் வேணும், அதுதான் ஒப்பீடு. விதையிலிருந்து வெளியே நீட்டிய வேர் 2 மில்லிமீட்டர் இருந்தால் முளைத்ததாகக் கணக்கு. ஐந்தாம் நாள் வேரை அளப்பார்கள்.

எதை எண்ணுகிறோம் என்பதில் ஒரு விஷயம் இருக்கு. புரிவதற்காக ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். தண்ணீர்த் தட்டில் 25-க்கு 23 கேழ்வரகு முளைத்தது, வேர் சராசரி 40 மில்லிமீட்டர். 2.5 சதவீதச் சாறில் 21 முளைத்தது, வேர் 24 மில்லிமீட்டர். முளைப்பை மட்டும் பார்த்தால் பாதிப்பு 9 சதவீதம்தான், பரவாயில்லை என்று தோன்றும். வேரைப் பார்த்தால் 40 சதவீதம் குறைந்திருக்கிறது. விதைக்குள் இருக்கும் சேமிப்பில் முளைப்பு நடந்துவிடும், ஆனா வேர் நுனிதான் சாறில் நேராகத் தோய்ந்து கிடக்கிறது. முளைப்பு சதவீதம் மட்டும் சொல்லும் சோதனையை நான் பாதிதான் நம்புவேன். மிகக் குறைந்த அளவில் வேர் தண்ணீர்த் தட்டைவிட நீளமாகவும் வரலாம். கொஞ்சமாகக் கொடுத்தால் தூண்டும், அதிகமாகக் கொடுத்தால் அடக்கும் என்பது இந்தப் பொருள்களில் பலவற்றின் குணம்.

தட்டு ஏமாற்றும் இடங்களும் உண்டு. 10 சதவீதச் சாறு கெட்டியானது. அதில் இலையின் உப்பும் சர்க்கரையும் கரைந்திருக்கும். கெட்டியான எந்தக் கரைசலிலும் விதையால் தண்ணீரை இழுக்க முடியாது, உப்புத்தண்ணியில் போட்ட மாதிரிதான். இதைப் பிரிக்க நல்ல ஆய்வகங்களில் அதே அளவு இழுப்பு உள்ள மானிட்டால் கரைசலில் இன்னொரு வரிசைத் தட்டு வைப்பார்கள். அதிலும் விதை அடங்கினால் குற்றம் விஷத்தின் மேல் மட்டுமில்லை. இன்னொரு வழி, சாறில் செயலூட்டிய கரி கலப்பது. கரி இப்படிப்பட்ட கரிமப் பொருள்களைப் பிடித்துக்கொள்ளும், உப்பை அவ்வளவாகப் பிடிக்காது. கரி போட்டதும் வேர் தேறினால் சந்தேகம் விஷத்தின் மேல் உறுதியாகும். தட்டில் நாற்றமும் பூஞ்சணமும் வந்தால் அந்தத் தட்டைத் தள்ளிவிடணும், அழுகலும் விதையைக் கொல்லும்.

எல்லாவற்றுக்கும் மேலே அளவுக் கணக்கு. வங்கியில் இருந்த பழக்கமோ என்னவோ, எனக்கு இதைத்தான் முதலில் போட்டுப் பார்க்கத் தோன்றியது. ஒரு ஏக்கரில் 5 டன் பச்சைப் பார்த்தீனியம் என்று வைப்போம். உலர்ந்தால் ஏறத்தாழ 1 டன். அதை 15 செ.மீ. ஆழத்துக்கு மடக்கி உழுதால், அந்த ஆழத்து மண் சுமார் 800 டன். அதில் ஈரம் 20 சதவீதம் என்றால் 160 டன் தண்ணீர். 1 டன் பொடியில் கரைவதெல்லாம் அந்த 160 டன்னில் ஒரே சமயத்தில் கரைந்தாலும் சாறு 0.6 சதவீதம்தான். படத்தில் இருந்த 10 சதவீதத் தட்டு இதைப்போல 16 மடங்கு கெட்டி. அதே கணக்கில், ஆழ உழாமல் மேல் 2 செ.மீ. மண்ணில் மட்டும் கிளறிவிட்டு அங்கேயே சின்ன விதையைத் தூவினால் 4.7 சதவீதம் வந்துவிடும். ஒரே களை, ஒரே எடை. மண்ணில் அது எங்கே நிற்கிறது என்பதுதான் வித்தியாசம். பார்த்தீனியச் சாறைக் களைக்கொல்லியாகத் தெளிக்கச் சொல்கிறவர்களிடமும் எத்தனை கிலோ, எத்தனை லிட்டர் என்று கேட்டு இதே கணக்கைப் போட்டுப் பாருங்க.

தட்டில் மண் கிடையாது. மண்ணில் களிமண்ணும் மக்கும் இந்தப் பொருளைப் பிடிக்கும், நுண்ணுயிர்கள் தின்னும். உயிருள்ள, வெதுவெதுப்பான, ஈரமான மண்ணில் பார்த்தீனின் சில நாள்களிலிருந்து சில வாரங்களுக்குள் பெரும்பாலும் சிதைந்துவிடும். உயிர் குறைந்த, குளிர்ந்த, காய்ந்த மண்ணில் மெதுவாகும். அதனால் ஆய்வகத்திலும் தட்டுக்கு அடுத்த படி தொட்டிதான். இதை நாமே வீட்டில் செய்யலாம்.

நம்ம வயல் மண்ணையே தொட்டிகளில் நிரப்பணும். ஒரு கிலோ மண்ணுக்கு 6 கிராம் பச்சை இலை கலந்தால் அது ஆழ உழவு, 45 கிராம் கலந்தால் மேலாகக் கிளறியது. இலை கலக்காத தொட்டியோடு, அதே எடை தக்கைப்பூண்டு இலை கலந்த தொட்டியும் வேணும். பச்சிலை மக்கும்போது சில சமயம் முதலில் தழைச்சத்தை இழுத்துக்கொண்டு நாற்றை வெளுக்கவைக்கலாம். அதை விஷம் என்று நினைத்துவிடக் கூடாது. இலை கலந்த அன்றே ஒரு தொகுதி தொட்டிகளில் விதையுங்கள், 7 நாள் கழித்து ஒரு தொகுதி, 15 நாள் கழித்து ஒன்று. தக்கைப்பூண்டுத் தொட்டியும் பார்த்தீனியத் தொட்டியும் ஒரே மாதிரி சுணங்கினால் அது மக்கும் வேலை. பார்த்தீனியத் தொட்டி மட்டும் சுணங்கி, 15 நாள் விதைப்பில் தேறிவிட்டால் நம்ம மண் எத்தனை நாளில் அதைச் சரி செய்கிறது என்று தெரிந்துவிடும். மடக்கி உழுத பிறகு அத்தனை நாள் விட்டு விதைத்தால் போதும்.

தொட்டிக்கு இலை பறிக்கும்போது கையுறையும் முகத்தில் துணியும் கட்டிக்கொள்ளுங்கள். பார்த்தீனியம் தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் கொண்டுவரும். பூத்த செடியை இந்தச் சோதனைக்கும் எடுக்க வேண்டாம், வயலில் மடக்கவும் வேண்டாம். ஒவ்வொன்றிலும் விதை ஆயிரக்கணக்கில் இருக்கும், அதை எந்த நுண்ணுயிரும் 15 நாளில் தின்று முடிக்காது.