இருப்பு என்பது ஒரு கூட்டுத்தொகை

வாடிக்கையாளர் அட்டையில் சேரும் புள்ளிகளையும் கைபேசிப் பணப்பையில் கிடக்கும் பணத்தையும் கணினியில் இரண்டு விதமாக வைக்கலாம். முதல் விதத்தில் ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே ஓர் எண் இருக்கும். புள்ளி சேர்ந்தால் கூட்டியும் செலவானால் கழித்தும் அதே இடத்தில் புது எண் எழுதப்படும்; பழையது அழிந்துவிடும். இரண்டாவது விதத்தில் எதுவும் அழிவதில்லை. வந்ததற்கு ஒரு வரி, போனதற்கு ஒரு வரி என்று பேரேடு நீண்டுகொண்டே போகும். இருப்பு என்று தனியாக ஒன்று கிடையாது. அந்த வரிகளைக் கூட்டினால் வருவதுதான் இருப்பு.

முதல் விதம் எழுதச் சுலபம் என்பதால் பலரும் அதில்தான் தொடங்குகிறார்கள். அது எங்கே சறுக்கும் என்பதை ஒரு மளிகைக் கடையின் புள்ளித் திட்டத்தில் பார்க்கலாம். ஒருவரின் அட்டையில் 80 புள்ளிகள் உள்ளன. கல்லாவில் அவர் 60 புள்ளிகளைக் கொடுத்துப் பொருள் வாங்குகிறார். அதே நொடியில், காலையில் அவர் வீட்டுக்குப் போன சரக்கின் பில்லுக்கு உரிய 12 புள்ளிகளை இன்னொரு நிரல் சேர்க்கப் பார்க்கிறது. இரண்டு நிரல்களும் முதலில் இருப்பைப் படிக்கின்றன. இரண்டுக்கும் 80 என்றே தெரிகிறது. ஒன்று 20 என்று எழுதுகிறது. அடுத்த கணம் மற்றது, தான் படித்த 80-உடன் 12-ஐக் கூட்டி 92 என்று எழுதிவிடுகிறது. இருக்க வேண்டியது 32. செலவான 60 புள்ளிகள் சுவடில்லாமல் திரும்பி வந்துவிட்டன. கூட்டம் குறைவான நாட்களில் இது நடப்பது அரிது. பண்டிகை விற்பனையில்தான் பெரும்பாலும் தலைகாட்டும். அதனால்தான் சோதனையில் இது எளிதில் பிடிபடுவதில்லை.

பேரேட்டில் −60 ஒரு வரி, +12 இன்னொரு வரி. எது முந்தினாலும் கூட்டினால் 32-தான். ஆனால் பேரேடு மட்டும் போதாத இடம் ஒன்று உண்டு. கணவன் கல்லாவிலும் மனைவி செயலியிலும் ஒரே அட்டையில் ஆளுக்கு 60 புள்ளிகளைச் செலவழிக்க முயன்றால், இரண்டு பக்கமும் 80 இருப்பதாகப் பார்த்து அனுமதித்துவிடும். இருப்பு −40 ஆகும். எனவே செலவு வரியை எழுதும் முன் அந்தக் கணக்கைப் பூட்ட வேண்டும். ஒருவர் இருப்பைச் சரிபார்த்து வரியை எழுதி முடிக்கும் வரை மற்றவர் காத்திருப்பார். தரவுத்தளங்களில் `SELECT ... FOR UPDATE` என்ற கட்டளை இதற்கென்றே இருக்கிறது.

அடுத்தது, புள்ளி எங்கிருந்து வந்தது என்ற கேள்வி. வெனிஸ் வணிகர்கள் கையாண்ட இரட்டைப் பதிவு முறையை லூக்கா பசியோலி 1494-இல் அச்சில் விளக்கினார். அதன் விதி இன்றும் அப்படியே பொருந்தும்: ஒரு கணக்கில் ஏறியது இன்னொரு கணக்கிலிருந்து இறங்கியிருக்க வேண்டும். கடைக்கு ‘வழங்கியவை’, ‘செலவானவை’, ‘காலாவதி’ என்று மூன்று கணக்குகள் வைத்தால் போதும். 50 புள்ளிகள் கொடுத்தால் வாடிக்கையாளர் கணக்கில் +50, வழங்கியவை கணக்கில் −50. அவர் 60 செலவழித்தால் அவருக்கு −60, செலவானவைக்கு +60. இரண்டு வரிகளும் ஒன்றாக ஏற வேண்டும், அல்லது இரண்டுமே ஏறக் கூடாது. அப்போது ஒவ்வொரு பரிமாற்றத்தின் கூட்டுத்தொகையும் பூஜ்யம். முழுப் பேரேட்டின் கூட்டுத்தொகையும் பூஜ்யம். ஒரு பக்கம் விடுபட்ட பரிமாற்றங்களைக் கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்:

```sql
SELECT transfer_id FROM entries
GROUP BY transfer_id
HAVING SUM(points) <> 0;
```

இதற்கு விடையாக ஒரு வரி வந்தாலும் எங்கோ கோளாறு இருக்கிறது.

திரும்பப் பெறுதலும் காலாவதியும்தான் இந்த அமைப்பை உண்மையில் சோதிப்பவை. 100 ரூபாய்க்கு ஒரு புள்ளி, ஓராண்டு செல்லுபடி என்று வைத்துக்கொள்வோம். ஜனவரி 10-இல் 5,000 ரூபாய்க்கு 50 புள்ளிகள் சேர்கின்றன. மார்ச் 5-இல் 3,000 ரூபாய்க்கு 30. ஏப்ரல் 2-இல் 60 புள்ளிகள் செலவாகின்றன. இந்த 60 எந்தப் புள்ளிகள் என்பதையும் பேரேடு சொல்ல வேண்டும். பழையவை முதலில் போகும் என்ற விதிப்படி ஜனவரியின் 50 முழுவதும், மார்ச்சின் 10-உம் கழிகின்றன. மார்ச் தொகுதியில் மிச்சம் 20. இப்படித் தொகுதியைக் குறிக்காமல் விட்டால், அடுத்த ஜனவரியில் காலாவதி நிரல் ஏற்கெனவே செலவான 50 புள்ளிகளை இன்னொரு முறை கழித்துவிடும்.

ஏப்ரல் 9-இல் அவர் மார்ச்சில் வாங்கிய பொருளை முழுவதும் திருப்பிக் கொடுக்கிறார். அதற்குக் கொடுத்த 30 புள்ளிகளைத் திரும்ப எடுக்க வேண்டும்; இருப்பதோ 20. மார்ச் 5-இன் வரியைத் திருத்துவது பெரும் பிழை. அன்றைய கணக்கு இன்று மாறிப்போகும். அந்தப் பரிமாற்றத்தின் எண்ணைச் சுட்டி, எதிர்த்திசையில் ஒரு புதுப் பரிமாற்றம் எழுதுவதே முறை. இருப்பு −10 ஆகட்டும், அடுத்த கொள்முதலில் நேராகட்டும் என்று விடலாம். அல்லது அந்த 10 புள்ளிகளின் மதிப்பைத் திருப்பித் தரும் பணத்தில் பிடித்துக்கொள்ளலாம். இது கடை எடுக்க வேண்டிய முடிவு. எதை எடுத்தாலும் அது பேரேட்டில் வரியாகத் தெரிய வேண்டும்.

இன்னொரு தொல்லை இணைப்பு அறுந்துபோவது. கல்லா இயந்திரம் ‘60 கழி’ என்று அனுப்புகிறது. வேலை முடிந்தும் பதில் வந்து சேரவில்லை. இயந்திரம் மறுபடி அனுப்பினால் 120 கழிந்துவிடும். இதைத் தடுக்க, அனுப்பும் முன்பே ஒவ்வொரு கோரிக்கைக்கும் இயந்திரம் ஓர் எண் இட வேண்டும்; மறுபடி அனுப்பும்போதும் அதே எண்தான். ஒரே எண் இரண்டு முறை பதிவாகத் தரவுத்தளம் இடம் தராது. முன்பு கிடைத்திருக்க வேண்டிய பதிலையே மீண்டும் கொடுக்கும்.

ஆண்டுக்கணக்கில் சேர்ந்த வரிகளை ஒவ்வொரு முறையும் கூட்டினால் நேரமாகும். ஆகவே கூட்டிய இருப்பைத் தனியே குறித்து வைப்பது வழக்கம். வரி ஏறும் அதே பரிமாற்றத்தில் அதுவும் மாற வேண்டும். இரவில் ஒரு நிரல் எல்லாக் கணக்குகளையும் அடியிலிருந்து கூட்டி, குறித்து வைத்ததோடு ஒப்பிடும். இரண்டும் வேறுபட்டால் பேரேட்டையே நம்ப வேண்டும். குறிப்பை அதற்கேற்ப மாற்றிவிட்டு, வேறுபாடு எப்படி நுழைந்தது என்று தேட வேண்டும்.

பணப்பையிலும் முறை இதுவே. ஆனால் தொகையை ரூபாயில் தசமப் புள்ளியோடு வைக்காமல் பைசாவில் முழு எண்ணாக வைக்க வேண்டும். மிதவைப் புள்ளி எண்களில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் கணினிக்கு 0.30000000000000004 வரும், பூஜ்யச் சோதனை அங்கேயே உடைந்துவிடும்.

கூட்டுத்தொகை பூஜ்யமாக வருவதால் மட்டும் எல்லாம் சரி என்று ஆகாது. 5 புள்ளிக்குப் பதில் 50 கொடுத்தாலும், ஒருவருடையது இன்னொருவர் பெயரில் ஏறினாலும் இரண்டு பக்கமும் சமமாகத்தான் நிற்கும். இந்தப் பிழைகளைப் பிடிக்கப் பேரேட்டுக்கு வெளியே இருக்கும் ஒரு கணக்கு வேண்டும். புள்ளித் திட்டத்துக்கு அது விற்பனை பில்கள்: அன்றைய ஒவ்வொரு பில்லுக்கும் விதிப்படி வர வேண்டிய புள்ளிகளை அந்த பில்லின் பெயரில் ஏறிய வரியோடு ஒப்பிட வேண்டும். பணப்பைக்கு அது வங்கி. வங்கி அல்லாத பணப்பை நிறுவனங்கள் வாடிக்கையாளர் பணத்தை ஒரு வணிக வங்கியில் தனிப் பொறுப்புக் கணக்கில் வைக்க வேண்டும் என்பது இந்திய ரிசர்வ் வங்கியின் விதி. எல்லாப் பணப்பைகளின் இருப்பையும் கூட்டி, வணிகர்களுக்குப் போய்ச் சேர வேண்டிய தொகையையும் சேர்த்தால் அந்த வங்கிக் கணக்கை மிஞ்சக் கூடாது. வழியில் இருக்கும் தொகைகளுக்கும் தனிக் கணக்கு வைத்தால்தான் அன்றன்றைய வேறுபாடு எதனால் வந்தது என்று வரி வரியாகச் சொல்ல முடியும்.