வெயிலில் மறையும் மஞ்சள் குறியீடு

காலை எட்டு மணிக்கு பொங்கோலிலிருந்து பூன் லேக்கு வேலைக்குச் செல்லும் ஒருவர் காலாங் – பாய லேபார் விரைவுச்சாலையின் சுரங்கப்பாதைக்குள் நுழைகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த விரைவுச்சாலையில் ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நிலத்துக்கு அடியில் செல்கிறது. அதன் முடிவில் 2013ஆம் ஆண்டு டிசம்பரில் திறக்கப்பட்ட மரினா கரையோர விரைவுச்சாலையின் சுரங்கம் தொடர்கிறது. அதுவும் மூன்றரைக் கிலோமீட்டருக்குக் குறையாது. சுரங்கத்துக்குள் முகப்பு விளக்குகள் எரிகின்றன. பிறகு வண்டி ஆயர் ராஜா விரைவுச்சாலையில் வெளிச்சத்துக்கு வந்து மேற்கு நோக்கித் திரும்புகிறது. முகப்பு விளக்குகளை அணைக்க ஓட்டுநர் மறந்துவிடுகிறார். அடுத்த சில நிமிடங்களில் ஸ்டியரிங் சக்கரத்துக்குப் பின்னால் இயந்திரக் கோளாற்றுக்கான மஞ்சள் விளக்கு எரியத் தொடங்குகிறது. பூன் லே வந்துசேரும்வரை அவர் அதைக் காணவில்லை. அவர் கவனக்குறைவானவர் அல்லர். பார்த்திருந்தாலும் அது தெரிந்திராது. ஏன் என்பதுதான் இக்கட்டுரையின் பொருள்.

முதலில் பெயர்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். வேகமானி, எரிபொருள் அளவி, எச்சரிக்கைக் குறியீடுகள் ஆகிய யாவும் ஒரே கூட்டுக்குள் அமைந்த பகுதியைப் பட்டறைகளில் ‘மீட்டர்’ என்பார்கள். இங்கே கருவிப்பலகை என்று குறிப்பிடுகிறேன். குறியீடுகளின் நிறம் அலங்காரத்துக்காக அன்று. சிவப்பு என்றால் உடனே நிறுத்த வேண்டிய ஆபத்து. பச்சை, நீலம் என்றால் ஏதோ ஒன்று இயங்குகிறது என்ற செய்தி. இடைப்பட்டது ‘ஆம்பர்’ எனப்படும் ஆழ்ந்த மஞ்சள்: வண்டி ஓடும், ஆனால் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. தமிழில் இதைச் சிலர் மஞ்சள் என்றும் சிலர் செம்மஞ்சள் என்றும் எழுதுகிறார்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட நிறம் அது என்பதால் இரு சாராரையும் குறை சொல்வதற்கில்லை. இயந்திரக் கோளாறு, ஏபிஎஸ் தடைக் கோளாறு, சக்கரக் காற்றழுத்தக் குறைவு ஆகியவை பெரும்பாலும் இந்நிறத்தில்தான் எரிகின்றன. இயந்திர விளக்கு நிலையாக எரிந்தால் பட்டறைக்குச் செல்ல அவகாசம் உண்டு. அது விட்டுவிட்டு மின்னினால் கதை வேறு. எரியாத எரிபொருள் புகைக்குழாய் வழியே சென்று வினையூக்கி மாற்றியைச் சூடாக்கிக் கெடுத்துக்கொண்டிருக்கிறது என்பது அதன் பொருள். அதைச் சில நிமிடங்கள் காணத் தவறுவது பெருஞ்செலவில் முடியலாம்.

கண்ணுக்கு மஞ்சள் மங்கலான நிறம் என்று எண்ணிவிடக் கூடாது. பகலில் நம் கண் மிகுதியாக உணர்வது 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை கலந்த மஞ்சளை. ஆம்பர் விளக்கின் ஒளி 590 நானோமீட்டரை ஒட்டியது; அங்கேயும் கண்ணின் உணர்திறன் உச்ச அளவில் நான்கில் மூன்று பங்கு இருக்கிறது. சிவப்பைவிட இது மிகவும் அதிகம். ஆகவே விளக்கின் வலிமையில் குறையில்லை. அதன்மேல் வந்து விழும் வேறொரு ஒளிதான் குறையை உண்டாக்குகிறது.

குறியீட்டின் முன்னுள்ள கண்ணாடியும் அதன் பின்னுள்ள அச்சுப்படலமும் தம்மேல் விழும் வெயிலில் ஒரு சிறு பங்கைத் திருப்பி அனுப்புகின்றன. அந்த வெள்ளொளி குறியீட்டின் மீதும் அதைச் சுற்றியுள்ள கருமையின் மீதும் ஒரே அளவில் படர்கிறது. மெல்லிய வெள்ளைத் துணியை இரண்டின்மேலும் போர்த்தியது போல. நாம் ஒன்றைப் படிப்பது அதன் ஒளியால் மட்டுமன்று. அதற்கும் பின்புலத்துக்கும் உள்ள விகிதத்தால்தான். வாகனத் திரைகளுக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 15008, நேர் வெயிலில் இவ்விகிதம் குறைந்தது இரண்டுக்கு ஒன்று இருக்க வேண்டும் என்கிறது. இரவில் ஐந்துக்கு ஒன்று.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எடுத்துக்காட்டுக்காக நான் கொண்டவை. ஆயினும் நடைமுறைக்குத் தொலைவானவை அல்ல. பின்கண்ணாடி வழியே வந்த காலை வெயில் கருவிப்பலகையின்மேல் 20,000 லக்ஸ் விழுகிறது என்க. அதில் நூற்றில் 4 பங்கு பரவலாகத் திரும்புகிறது. 20,000ஐ 0.04ஆல் பெருக்கி 3.14ஆல் வகுத்தால், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 255 கேண்டெலா ஒளிர்வு கிடைக்கும். இதுவே போர்வை. குறியீடு பகல்நேர அளவில் 200 கேண்டெலா ஒளிர்கிறது என்றால், குறியீடு இருக்குமிடத்தில் மொத்தம் 455, பின்புலத்தில் 255. விகிதம் 1.8. தேவையான இரண்டுக்குச் சற்றுக் கீழே. உற்றுப் பார்த்தால் தெரியும். இப்போது முகப்பு விளக்கு எரிவதால் கருவிப்பலகை இரவு அளவுக்குத் தாழ்ந்து, குறியீடு பத்தில் ஒரு பங்காக, அதாவது 20 கேண்டெலாவாகக் குறைந்துவிட்டது என்க. 275க்கு 255. விகிதம் 1.08. அதை யாராலும் படிக்க இயலாது. பூன் லே ஓட்டுநருக்கு நேர்ந்தது இதுதான்.

போர்வை மஞ்சளுக்கு இன்னொரு கேட்டையும் செய்கிறது. நிறமாலையின் நிறங்களுள் மஞ்சளே இயல்பில் வெண்மைக்கு மிக அருகில் இருப்பது. சிவப்போடு வெள்ளொளி கலந்தால் இளஞ்சிவப்பாகும். அப்போதும் அது சிவப்பின் உறவு என்று கண் அறிந்துகொள்ளும். மஞ்சளோடு வெள்ளொளி கலந்தால் வெளிறிய மஞ்சளாகி விரைவில் வெள்ளையோடு ஒன்றிவிடும். குறியீட்டின் வடிவம் தெரிந்தாலும் நிறம் சொல்லும் செய்தி போய்விடுகிறது. மாறாகவும் நிகழ்வதுண்டு. எரியாத விளக்கின் நிறப்படலத்துக்குள் வெயில் புகுந்து திரும்பி வரும்போது, எரியாததே எரிவது போலத் தோன்றும். போக்குவரத்து விளக்குகளில் தாழ்ந்த வெயில் படும்போது பலரும் இதைப் பார்த்திருப்பார்கள்.

வண்டிக்காரர் மேற்கு நோக்கிச் செல்கிறார் என்பதை நான் சும்மா சொல்லவில்லை. சூரியன் எதிரே இருக்கும்போது கண் கூசும். ஆனால் கருவிப்பலகை தன் மேல்விளிம்பின் நிழலில் ஒதுங்கிக்கொள்ளும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது அந்த விளிம்பு உதவாது. ஒளி பின்கண்ணாடி வழியே தோளைத் தாண்டி நேரே குறியீட்டின்மேல் விழுகிறது. சிங்கப்பூரில் சூரியன் ஆண்டு முழுதும் காலை ஏழு மணியை ஒட்டி எழுகிறது. ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 15 பாகை உயர்கிறது. ஆகவே எட்டு மணிக்கு அது பின்கண்ணாடியில் நுழையும் உயரத்தில்தான் நிற்கும். உச்சி வெயிலை நாம் அஞ்சுகிறோம்; கருவிப்பலகைக்கு அது தீங்கற்றது, கூரை தடுத்துவிடும். எதிர்வெயிலிலும் ஒரு சிறு வஞ்சகம் உண்டு. ஓட்டுநரின் வெள்ளைச் சட்டை பளிச்சென்று ஒளிர்ந்து, கருவிப்பலகைக் கண்ணாடியில் பிம்பமாகத் தெரியும். கருநிறச் சட்டை அணிந்த நாளில் ‘மீட்டர்’ தெளிவாக இருப்பதாகச் சொல்பவரை நகைக்க வேண்டியதில்லை.

இரவில் ஏன் ஒளியைத் தாழ்த்துகிறோம்? இருளுக்குப் பழகிய கண்ணுக்கு 200 கேண்டெலா கூசும். கூசிய கண் சாலையோரத்தில் நிற்பவரைக் காணத் தாமதிக்கும். பழைய வண்டிகளில் சிறு குமிழ் விளக்குகளுக்குச் செல்லும் மின்னோட்டத்தைத் தடையால் குறைத்தார்கள். அதனால் ஒளி மங்கியதோடு செந்நிறமாகவும் மாறியது. இன்றைய எல்இடி விளக்குகளை நொடிக்குப் பன்னூறு முறை அணைத்து ஏற்றுகிறார்கள். எரியும் நேரத்தின் பங்கைக் குறைத்தால் கண்ணுக்கு மங்கல், நிறம் மாறுவதில்லை.

எப்போது தாழ்த்த வேண்டும் என்பதை வண்டி எப்படி அறிகிறது? பல வண்டிகளில் இதற்கான விடை எளியது: முகப்பு விளக்கு எரிந்தால் இரவு. அந்த எளிமைதான் சிக்கல். சுரங்கத்தைவிட்டு வெளியே வந்தபின் அணைக்காத விளக்கும், மழைக்காகப் பகலில் போட்ட விளக்கும் கருவிப்பலகைக்கு இரவாகவே தோன்றுகின்றன. தானாக இயங்கும் விளக்குள்ள வண்டிகளில், முன்கண்ணாடிக்கு அருகிலுள்ள ஒளியுணரி வெளிச்சத்தை உணர்ந்து சில நொடிகள் பொறுத்துப் பகல் அளவுக்கு மாற்றும். பாலத்தின் நிழலிலெல்லாம் விளக்கு மின்னிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்கே அந்தப் பொறுமை. ஆனால் அந்த உணரி வானத்தைப் பார்க்கிறதே தவிர, கருவிப்பலகையின்மேல் விழும் வெயிலைப் பார்ப்பதில்லை.

ஒளியைக் கூட்டிக் குறைக்கும் திருகோ பொத்தானோ பெரும்பாலும் இரவு அளவை மட்டுமே மாற்றும். சில வண்டிகளில் திருகை உச்சிவரை திருப்பினால் ஒரு ‘கிளிக்’ ஓசையோடு தாழ்த்தல் முழுவதும் நீங்கிவிடும். விளக்கு எரிந்தாலும் பகல் அளவே நிற்கும். மழைநாளுக்கு அது நல்லது. இரவில் அதை மறந்து விட்டுவிட்டால் கண் கூசும். தாழ்த்தலுக்குச் சட்டமும் ஓர் எல்லை வைத்திருக்கிறது. அமெரிக்கக் கூட்டரசு வாகனப் பாதுகாப்பு விதி எண் 101, தடை, உயர்கதிர், திரும்பு விளக்கு, இருக்கைப்பட்டை ஆகியவற்றின் குறியீடுகளைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தாழ்த்த இயலாதவாறு அமைக்க வேண்டும் என்கிறது. அந்தப் பட்டியலில் இயந்திர விளக்கு இல்லை.

உற்பத்தியாளர்கள் கையாளும் ஓர் உத்தி அழகானது. குறியீட்டின் முன் புகைநிறக் கண்ணாடி ஒன்றை வைக்கிறார்கள். அது 100க்கு 30 பங்கு ஒளியையே கடத்தும் என்க. விளக்கின் ஒளி அதை ஒருமுறைதான் கடக்கிறது. எனவே 30 பங்கு வெளிவருகிறது. வெயிலோ உள்ளே சென்று படலத்தில் பட்டு மீள வேண்டும். இருமுறை கடப்பதால் 9 பங்குதான் மிஞ்சும். இழப்பு இருவருக்கும் உண்டு, ஆனால் வெயிலுக்கே மிகுதி. எரியாத குறியீடுகள் கருமையில் மறைந்துகிடப்பதும் இதனால்தான். இதற்கு விலை உண்டு: பின்னாலுள்ள எல்இடி மும்மடங்கு வலிமையோடு எரிய வேண்டும், அதன் வெப்பத்துக்கு வழி வேண்டும். கண்ணாடியின் முன்முகத்திலேயே பட்டுத் திரும்பும் ஒளியை இந்த உத்தி தொடுவதும் இல்லை.

பின்கண்ணாடியின் கருந்தாளும் இதே திசையில் உதவுகிறது. முன்பு 75 விழுக்காடு கடத்திய கண்ணாடி 25 ஆனால், நம் கணக்கின் போர்வை 255இலிருந்து 85 ஆகும். பகல் அளவில் விகிதம் 3.4க்கு உயரும். இரவு அளவிலோ 1.2தான். தாள் வெயிலைக் குறைக்கும். மறந்த விளக்கை அணைக்காது.

விளக்கே பழுதா, வெயிலின் வேலையா என்று அறிய எளிய வழி உண்டு. அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில், சூரியன் பின்னால் இருக்குமாறு காலையில் வண்டியை நிறுத்துங்கள். இயந்திரத்தைக் கிளப்பாமல் மின்னிணைப்பை மட்டும் போட்டால், பெரும்பாலான எச்சரிக்கைக் குறியீடுகள் தன்சோதனைக்காக எரியும்; சில ஓரிரு நொடிகளில் அணையும், இயந்திர விளக்கு பல வண்டிகளில் எரிந்துகொண்டே இருக்கும். முகப்பு விளக்கு அணைந்த நிலையில் ஒருமுறை, எரியும் நிலையில் ஒருமுறை பாருங்கள். பிறகு கையாலோ நாளிதழாலோ நிழல் செய்து மறுபடியும் பாருங்கள். நிழலில் தெரிந்து வெயிலில் மறைந்தால் விளக்கு நலமாக இருக்கிறது. திருகை உயர்த்த வேண்டும். நிழலிலும் தெரியாவிட்டால் எல்இடியோ அதன் இணைப்போ பழுது. பட்டறைக்கே செல்ல வேண்டும். வெயில் கண்ணாடி அணிபவர் அதைக் கழற்றியும் ஒருமுறை பார்ப்பது நல்லது. திரவப் படிகத் திரையின் ஒளி ஒரே தளத்தில் அதிர்வது. முனைவாக்கக் கண்ணாடியின் தளம் அதற்குக் குறுக்காக அமைந்தால், தலையைச் சாய்க்கும்வரை திரை கருமையாகவே இருக்கும்.