"சின்ன வேலைதானே?" என்ற சீனியருக்கு ஒரு மின்னஞ்சல்

திங்கட்கிழமை காலை. கடைகளுக்கான பில்லிங் மென்பொருளின் புதிய பதிப்பு 28-ஆம் தேதி வெள்ளிக்கிழமை வெளியாக வேண்டும். இன்று தேதி 17. அணியைவிட பத்து வருடம் மூத்தவர், விற்பனைப் பிரிவோடு நெருக்கமாக வேலை செய்பவர், ஒரு வரி அனுப்புகிறார்: "பில் போட்டதும் அது வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் தானாகப் போகணும். சின்ன வேலைதானே, இந்தப் பதிப்பிலேயே சேர்த்துடுங்க."

நம் அலுவலகங்களில் இதற்கு வழக்கமாகப் போகும் பதில், "ட்ரை பண்றேன் சார்." சொன்னவர் மனதில் அது பாதி மறுப்பு. கேட்டவர் காதிலோ அது முழுச் சம்மதம். அன்றைக்கே அவர் விற்பனை ஆட்களிடம் சொல்லிவிடுவார், அவர்கள் கடைக்காரரிடம் சொல்லிவிடுவார்கள். 27-ஆம் தேதி கையை விரித்தால், மூன்று இடத்தில் வாக்குத் தவறியதாகிவிடும்.

ஆகவே பதில் எழுதும் முன் ஒரு கணக்குப் போட வேண்டும். இந்த அணியில் நிரல் எழுதுபவர்கள் இருவர். 28 வரை பத்து வேலை நாள், ஆக மொத்தம் 20 ஆள்நாள். ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வேலைக்கு 16 போய்விடும். சோதனையில் பிழைகள் வரத்தான் செய்யும், அவற்றைத் திருத்த 2. மிச்சம் 2.

கேட்ட வசதிக்கோ 7 ஆள்நாள் வேண்டும். வணிக நிறுவனம் தானாக அனுப்பும் வாட்ஸ்அப் செய்திக்கு, அதன் வாசக மாதிரியை மெட்டா நிறுவனம் முன்கூட்டியே அங்கீகரிக்க வேண்டும். வாடிக்கையாளரின் சம்மதமும் வேண்டும். போகாத செய்தியை மறுபடி அனுப்ப ஏற்பாடு வேண்டும். கடைகளில் பதிந்திருக்கும் எண்களில் சிலவற்றின் முன்னால் பூஜ்யம் இருக்கும், சிலவற்றில் நாட்டுக் குறியீடு இருக்காது. அவற்றையும் சரிசெய்ய வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இதெல்லாம் ஒரு பொத்தான்தான்.

கணக்கு கைக்கு வந்ததும் அஞ்சலை இப்படி எழுதலாம்:

"வணக்கம் சார். பில் கையோடு வாட்ஸ்அப்பில் போனால் கடைக்காரர்களுக்குக் காகிதச் செலவு மிச்சம் என்று புரிகிறது. ஆனால் 28-ஆம் தேதிப் பதிப்பில் இதை இப்போதுள்ள வேலைகளோடு சேர்த்து முடிக்க முடியாது. 7 ஆள்நாள் தேவை, கையில் இருப்பது 2. மூன்று வழிகள் இருக்கின்றன.

1. 28-இல் திட்டப்படி வெளியிடுவோம். வாட்ஸ்அப் வசதி இரண்டு வாரம் கழித்து அடுத்த பதிப்பில் வரும்.

2. 28-இலேயே வேண்டுமென்றால், இன்னும் தொடங்காத மாதாந்திர இருப்பு அறிக்கையைத் தள்ளிவைப்போம். அதில் 5 ஆள்நாள் கிடைக்கும். ஆனால் மெட்டாவின் அங்கீகாரம் எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை.

3. பில் திரையில் ஒரு பொத்தான் வைப்போம். அழுத்தினால் தொகையும் பில் எண்ணும் நிரம்பிய வாட்ஸ்அப் திரை திறக்கும். கடைக்காரர் தானே அனுப்ப வேண்டும். பில் கோப்பை இணைக்க முடியாது. 2 ஆள்நாளில் முடியும்.

என் யோசனை மூன்றாவது. புதன் மாலைக்குள் சொன்னால் அதன்படி செய்கிறோம். அதுவரை முதல் வழிப்படியே வேலை நடக்கும்."

'முடியாது' என்ற சொல் மூன்றாவது வாக்கியத்திலேயே தெளிவாக வந்துவிடுகிறது. அதற்கு முன்னால், அவர் ஏன் கேட்டார் என்பது புரிந்ததற்கு அடையாளம் இருக்கிறது. மன்னிப்பு எங்கும் இல்லை. மறுப்பது வேலையை அல்ல, அந்தத் தேதியை என்பதால் மன்னிப்புக்கு இடமும் இல்லை.

மூன்றாவது வழியைத்தான் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. வாட்ஸ்அப்பே தரும் `https://wa.me/` இணைப்பு, எண்ணையும் செய்தியையும் நிரப்பிக் கொடுத்துவிடும். கேட்டது முழுதாகக் கிடைக்காவிட்டாலும் கேட்டதன் நோக்கம் ஓரளவு நிறைவேறுகிறது. இப்படி ஒன்று இல்லாமல், தனக்குப் பிடித்த வழியோடு இரண்டு சொத்தை வழிகளைப் பேருக்கு வைத்தால், அனுபவசாலி ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

"இன்னொரு ஆளைத் தரட்டுமா?" என்ற கேள்வி வரலாம். தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் தாமதம் கூடத்தான் செய்யும் என்று பிரெட் புரூக்ஸ் 1975-இலேயே எழுதினார். புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கும் நாள்கள், பழையவர்களின் கணக்கிலிருந்துதான் கழியும்.

நகல் யாருக்கு அனுப்புவது என்பதிலும் கவனம் வேண்டும். சீனியரின் மேலதிகாரிக்கு நகல் போனால் அஞ்சல் புகாராகிவிடும். இருப்பு அறிக்கையைத் தள்ளிவைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, அவருக்கு மட்டும் போதும்.

"மூணாவதே போகட்டும்" என்று பதில் வந்தால் அஞ்சல் வேலை செய்துவிட்டது. "பார்த்துச் செய்ங்க" என்று வந்தால் முடிவு இன்னும் ஆகவில்லை. எழுந்து அவர் இருக்கைக்குப் போய்ப் பேசிவிட்டு, பேசி முடிவானதை இரண்டு வரியில் எழுதி அனுப்பிவிட வேண்டும்.