இளம்பெண்ணின் அடிவயிற்று வலி: முதலில் கேட்கவேண்டிய கேள்வி

இளம்பெண் ஒருத்திக்கு அடிவயிற்றின் வலப்புறத்தில் வலி கண்டால், குடல்வால் அழற்சியாக இருக்கலாம் என்பர் சிலர். மாதவிலக்கு வலிதான், படுத்து எழுந்தால் தீரும் என்பர் வேறு சிலர். குடல்வால், வலது சூலகம், வலது கருக்குழாய் ஆகிய மூன்றும் அப்பகுதியில் அருகருகே அமைந்துள்ளன. ஆகையால் வலி காணும் இடத்தை மட்டும் கொண்டு நோயைத் துணிதல் இயலாது. அது எவ்வாறு தொடங்கியது, கடைசி மாதவிலக்கு எந்நாளில் வந்தது என்னும் இரண்டுமே வழிகாட்டும்.

ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். ஆசிரியப் பயிற்சி பெறும் 23 வயதுப் பெண் ஒருத்தி. மணமாகிச் சில மாதங்களே ஆயின. காலையில் வகுப்பிலிருந்தபோது வலப்பக்க அடிவயிற்றில் திடீரெனக் கடும் வலி எழுந்தது. ஐந்து நாட்களாகச் சிறிதளவு இரத்தப் போக்கும் இருந்தமையால், உடனிருந்தோர் அதை மாதவிலக்கு வலியென்றே கருதினர். சுகாதாரப் பணியாளர் வந்து அவளைத் தனியே அழைத்து வினவினார்.

மாதவிலக்கு வலி, போக்குத் தொடங்குவதற்குச் சற்று முன்னரோ தொடங்கியவுடனோ எழுந்து, பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களில் தணியும். அது அடிவயிற்றின் நடுவே விட்டுவிட்டுப் பிசைவது போலிருக்கும். இடுப்புக்கும் தொடைக்கும் பரவும். மாதந்தோறும் ஏறக்குறைய ஒரே வகையாக வரும். இவள் வலியோ ஐந்தாம் நாளில், ஒரு பக்கத்தில், முன்பு அறியாத வகையில் எழுந்தது. ஆகவே அவ்விளக்கம் பொருந்தவில்லை.

குடல்வால் அழற்சியில் வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றி மந்தமாகத் தொடங்கும். உணவில் வெறுப்பும் குமட்டலும் பின்தொடரும். சில மணி நேரம் கழித்து, அழற்சி வயிற்றின் உட்போர்வையைத் தொட்டதும், வலி வலப்பக்கக் கீழ்ப்பகுதிக்கு இடம் மாறும். இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து தொப்புள் வரை ஒரு கோடு இழுத்தால், எலும்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தொலைவிலுள்ள இடத்தை அழுத்தும்போது வலி மிகும். மக்பர்னி என்னும் அறுவை மருத்துவர் இவ்விடத்தை 1889-ஆம் ஆண்டில் விளக்கினார். எனினும் குடல்வால் பெருங்குடலுக்குப் பின்னே மறைந்திருப்பின் இக்குறி தெளிவாகத் தோன்றாது. இவளுக்கு வலி இடம் மாறவுமில்லை, காய்ச்சலும் இல்லை.

சூலகத்தில் நீர்க்கட்டி உடைந்தாலும், கட்டியின் பாரத்தால் சூலகம் திருகிக்கொண்டாலும் வலி திடீரென எழும். திருகலில் அது அலையலையாக வரும். வாந்தியும் உடன் வரும். இரத்த ஓட்டம் தடைப்படுவதால் நேரம் கடந்தால் சூலகமே கெடும். தொடக்கத்தைக் கொண்டு நோக்கின் இவளுக்கும் இஃது இருந்திருக்கக் கூடும். ஆகவேதான் அடுத்த கேள்வி இன்றியமையாததாயிற்று.

“இந்தப் போக்கு வழக்கமான அளவில் வந்ததா?” என்று பணியாளர் கேட்டார். “இல்லை அக்கா, கறைபோலத்தான் பட்டது, நிறமும் கருத்திருந்தது” என்றாள் அவள். முறையான மாதவிலக்கு வந்து ஏழு வாரங்கள் ஆகியிருந்தன. சிறுநீர்ச் சோதனை அட்டையில் இரண்டு கோடுகள் தோன்றின. எழுந்து நின்றபோது அவளுக்குத் தலை சுற்றிற்று; நாடி நிமிடத்திற்கு 118 இருந்தது; படுத்தபோது தோள்பட்டை நுனியும் வலித்தது. கருக்குழாயில் தங்கிய கரு வளர்ந்து, குழாய் வெடித்து, வயிற்றுக்குள் இரத்தம் கசிந்து உதரவிதானத்தைத் தொட்டால், வலி தோளில் உணரப்படும். வெளியே காணும் குருதி சிறிதளவே. உள்ளே இழக்கும் குருதியே உயிரைப் பறிக்கும்.

சிறுநீர்ச் சோதனை கரு உண்டு என்று மட்டும் கூறும். அது எங்குள்ளது என்று கூறாது. அதற்கு மீயொலிப் படமும் இரத்தச் சோதனையும் வேண்டும். கரு இல்லையென விடை வந்தால் குழாய்க் கருவின் ஐயம் பெரிதும் நீங்கும். ஆனால் குடல்வாலும் சூலகத் திருகலும் எஞ்சி நிற்கும்.

ஆகவே களப்பணியாளர் செய்யத்தக்கது இதுவே: மணமானவளாயினும் ஆகாதவளாயினும், உறவினர் இல்லாத இடத்தில் மாதவிலக்கு நாளைக் கேட்டு, அவள் இசைவுடன் சிறுநீரைச் சோதிக்க வேண்டும். விளக்கெண்ணெய் போன்ற பேதி மருந்தும் எனிமாவும் தரலாகாது. அழற்சியுற்ற குடல்வால் அவற்றால் உடையக்கூடும். அறுவை தேவைப்படலாமாதலால் உணவும் நீரும் நிறுத்தப்பட வேண்டும். மயக்கமோ, விரைந்த நாடியோ, தோள்வலியோ இருந்தால், சோதனைக்கும் காத்திராமல், படுத்த நிலையிலேயே, அறுவைக்கும் இரத்தம் ஏற்றுவதற்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். இப்பெண் அவ்வாறே அனுப்பப்பட்டாள். வெடித்த வலது குழாய் அன்று பிற்பகலே அகற்றப்பட்டது. அனுப்புச் சீட்டின் முதல் வரியில் பணியாளர் எழுதியிருந்தது, கடைசி முறையான மாதவிலக்கின் நாள்.