கீமோ சுற்றுகளின் அட்டவணை

மார்பகப் புற்றுநோய்க்கு 21 நாளுக்கு ஒருமுறை ஏற்றப்படும் கீமோவுக்கு, சுற்றுக்கு ஒரு வரிசை போதும். திட்டமிட்ட தேதிக்கும் மருந்து ஏறிய தேதிக்கும் தனித்தனிக் கட்டங்கள் வேண்டும். ஒரே கட்டமானால் தாமதம் கண்ணுக்கே தெரியாது.

மூன்றாம் சுற்றன்று வெள்ளணுக்கள் 2,400, அதில் நியூட்ரோஃபில் 35 சதவீதம் எனில், மொத்தம் 840. பொதுவாக 1,500 எதிர்பார்க்கப்படுவதால் சுற்று தள்ளிப்போகிறது. ஒரு வாரத்தில் அது 2,100 ஆனதும் மருந்து ஏறுகிறது. இரு எண்ணிக்கைகளும் பரிசோதனைத் தேதியோடு பதிவாக வேண்டும். தாமதக் கட்டத்தில் '7 நாள், நியூட்ரோஃபில் குறைவு'. அந்தக் குறைவு இரண்டாம் சுற்று மருந்தின் விளைவு என்பதை இங்கே பலர் கவனிப்பதில்லை.

மருந்தளவை மில்லிகிராமில் எழுதி, குறைத்திருந்தால் சதவீதத்தையும் சேர்க்கலாம். 'வாந்தி' என்ற ஒற்றைச் சொல் மருத்துவருக்கு அதிகம் உதவாது. மருந்து ஏறிய எத்தனையாவது நாள், நாளுக்கு எத்தனை முறை என்பதே உதவும். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் முதலில் மருத்துவமனை, பிறகுதான் அட்டவணை.