பிஎச் மீட்டர் அலைபாய்ந்தால்: குற்றம் மீட்டரிலா, எலக்ட்ரோடிலா?

ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தின் ஆய்வறையை எடுத்துக்கொள்வோம். புதுப் பாலின் பிஎச் வழக்கமாக 6.6-இலிருந்து 6.8-க்குள் இருக்கும். அங்குள்ள மீட்டரோ முதலில் 6.4 என்கிறது, பிறகு நிமிடக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகிறது. காலிபரேஷன் செய்தால் பிழை என்று காட்டி நின்றுவிடுகிறது. புது மீட்டருக்குப் பணம் கேட்டு எழுதுவதற்கு முன் செய்து பார்க்க வேண்டிய சோதனைகள் சில உண்டு.

மீட்டர் உண்மையில் ஒரு மில்லிவோல்ட் அளவி. எலக்ட்ரோடின் நுனியில் உள்ள மெல்லிய கண்ணாடிக் குமிழில், கரைசலின் அமிலத்தன்மைக்கு ஏற்ப ஒரு மின்னழுத்தம் உண்டாகிறது. அதை ஒப்பிட நிலையான இன்னொரு மின்னழுத்தம் வேண்டும். அதைத் தருவது அதே எலக்ட்ரோடுக்குள் இருக்கும் ரெஃபரன்ஸ் பகுதி. அதில் நிரப்பியுள்ள பொட்டாசியம் குளோரைடு கரைசல், ஜங்ஷன் எனப்படும் நுண்துளைப் பொருள் வழியே மிக மெதுவாக வெளியே கசிந்துகொண்டிருக்க வேண்டும். கசிவு தடைப்பட்டால் ஒப்பீட்டு மின்னழுத்தம் நிலை தடுமாறும், எண்ணும் அலையும்.

முதலில் மீட்டரைத் தனியாகச் சோதிக்கலாம். எலக்ட்ரோடின் கேபிளைக் கழற்றிவிட்டு, மீட்டரை mV நிலைக்கு மாற்றி, கேபிள் செருகும் இடத்தின் நடுத்துளையையும் வெளி உலோக வளையத்தையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணையுங்கள். எண் சுமார் பூஜ்யத்தில் அசையாமல் நின்றால் மீட்டரைச் சந்தேகிக்கக் காரணம் குறைவு. நம் ஆய்வறையில் அப்படித்தான் நின்றது.

அடுத்து பஃபர். பாட்டிலில் பழையதாகக் கிடந்ததை ஒதுக்கிவிட்டு, 7-க்கும் 4-க்கும் புதிதாகக் கரைத்துக்கொள்ள வேண்டும். பயன்படுத்திய பஃபரைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றும் பழக்கம் இருந்தால் காலிபரேஷன் தோற்க அதுவே போதும். எலக்ட்ரோடைக் காய்ச்சி வடித்த நீரில் அலசி, டிஷ்யூவால் ஒற்றி எடுத்து, ஒவ்வொரு பஃபரிலும் மில்லிவோல்ட்டைக் குறிக்க வேண்டும். குமிழைத் தேய்த்துத் துடைக்கக் கூடாது.

நல்ல எலக்ட்ரோடு 7 பஃபரில் பூஜ்யத்துக்கு இருபுறமும் 30 மில்லிவோல்ட்டுக்குள் காட்டும். 25 டிகிரி வெப்பத்தில், 4 பஃபரில் அதைவிட ஏறத்தாழ 177 கூடுதலாகக் காட்ட வேண்டும். நம் எலக்ட்ரோடு 7-இல் 38, 4-இல் 184 காட்டியது. வித்தியாசம் 146. இருக்க வேண்டிய 177-இல் இது 82 சதவீதம்தான். பல மீட்டர்கள் 85 சதவீதத்துக்குக் கீழே போனால் ஏற்பதில்லை. பிழை வந்த காரணம் இதுதான். 7-இன் எண் எல்லை தாண்டியதால் ரெஃபரன்ஸ் பகுதி மீதும், வித்தியாசம் சுருங்கியதால் குமிழ் மீதும் சந்தேகம் விழுகிறது. பாலில் தினமும் முங்கும் எலக்ட்ரோடில் இரண்டையும் கெடுப்பது ஒன்றே: கொழுப்பும் புரதமும் ஒட்டிய படலம்.

கொழுப்பைப் போக்க, வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் சில துளி விட்டு நுனியை ஊறவைத்து அலசலாம். புரதம் சோப்புக்கு முழுதாக மசியாது. அதற்கு 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் பெப்சின் நொதியைக் கலந்து, நுனியை அரை மணி முதல் ஒரு மணி நேரம் அமிழ்த்தி வைக்க வேண்டும். கையுறையும் கண்ணாடியும் அவசியம். பிறகு நன்றாக அலசி, மீண்டும் நிரப்பக்கூடிய எலக்ட்ரோடு என்றால் உள்ளே உள்ள பழைய கரைசலை மாற்றி, 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில் இரவு முழுதும் ஊறவிடலாம்.

மறுநாள் 7-இல் 8, 4-இல் 178 வந்தது. வித்தியாசம் 170, அதாவது 96 சதவீதம். காலிபரேஷன் ஏற்கப்பட்டது, பஃபரில் எண்ணும் ஒரு நிமிடத்துக்குள் நின்றது.

சுத்தம் செய்தும் தேறாவிட்டால் எலக்ட்ரோடின் ஆயுள் முடிந்துவிட்டது என்று கொள்ளலாம். எந்தப் பஃபரில் வைத்தாலும் ஒரே எண் வந்தால் குமிழில் விரிசலோ கேபிளில் கோளாறோ இருக்கலாம். இரண்டுக்கும் கழுவுதல் மருந்தாகாது. ஆனால் குளிரூட்டியிலிருந்து எடுத்த பாலில் எண் நகர்ந்தால் எலக்ட்ரோடைப் பழிக்க வேண்டாம், பால் அறை வெப்பத்துக்கு வரும்வரை அது நகரத்தான் செய்யும்.

வேலை முடிந்ததும் எலக்ட்ரோடைக் காய்ச்சி வடித்த நீரில் போட்டு வைக்காமல் 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில் வையுங்கள். ஒவ்வொரு காலிபரேஷனின்போதும் அந்த இரண்டு மில்லிவோல்ட் எண்களை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். வித்தியாசம் 170-இலிருந்து 160-ஐ நோக்கி இறங்கத் தொடங்கினால், மீட்டர் பிழை காட்டும் வரை காத்திராமல் அப்போதே பெப்சினை எடுத்துவிடலாம்.